முகத்தை நோக்கிக் கண்ணை நகர்த்தும் மென்மையான விக்னெட்: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு போர்ட்ரெய்ட்டின் ஓரங்களைச் சற்று இருட்டாக்கும் விக்னெட்டைச் சேர்த்தால் பார்ப்பவரின் கண் நடுவிலிருக்கும் முகத்துக்குப் போகும் என்பது ஸ்டுடியோக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம். டார்க் ரூமில் என்லார்ஜரின் கீழே அட்டையைப் பிடித்து அசைத்து, தாளின் ஓரங்களுக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்து 'பர்ன்' செய்தவர்கள் இதைக் கையாலேயே செய்தார்கள். இன்று லைட்ரூமில் ஒரு ஸ்லைடரை இழுத்தால் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அது அவ்வளவு சுலபமாக முடிவதுதான் சிக்கலின் தொடக்கம். நான்கு மூலைகளும் கருத்த ஒரு படத்தைப் பார்த்தவுடன், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைபேசி ஃபில்டர்கள் பரவிய காலத்துப் படம் என்றோ, பழைய கல்யாண ஆல்பத்தின் பக்கம் என்றோ மனம் முடிவு செய்துவிடுகிறது. ஹிப்ஸ்டமாடிக்கும் இன்ஸ்டாகிராமின் முதல் ஃபில்டர்களும் ஹோல்கா, லோமோ போன்ற எளிய கேமராக்களின் மூலை இருட்டைப் பிரதி செய்து கோடிக்கணக்கான படங்களில் பதித்துவிட்டன. ஆகவே அந்தத் தோற்றத்துக்கு இன்று ஒரு காலமுத்திரை இருக்கிறது.

அந்த முத்திரை விழாமல் அதே வேலையைச் செய்யும் வழிகளை ஒப்பிட்டு, எந்தப் படத்துக்கு எது ஏற்றது என்று முடிவு செய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். லைட்ரூம் கிளாசிக்கையும் ஃபோட்டோஷாப்பையும் வைத்தே எழுதுகிறேன். வேறு மென்பொருள் பயன்படுத்துபவர்களும் இதே கருவிகளை வேறு பெயர்களில் காண்பார்கள்.

முதலில் ஒரு விக்னெட் எதனால் பழையதாகத் தெரிகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இருட்டின் அளவு அதற்கு ஒரு காரணம் மட்டுமே. அதைவிடப் பெரிய காரணம், அந்த இருட்டுக்கும் படத்திலுள்ள வெளிச்சத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் போவது. ஜன்னல் இடப்பக்கம் இருக்கிறது, வெளிச்சம் இடமிருந்து வலமாகக் குறைந்துகொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட படத்தில் ஜன்னலை ஒட்டிய மூலையும் அதற்கு எதிர்மூலையும் ஒரே அளவில் கருத்திருந்தால், அது படத்தின்மீது பிறகு ஒட்டப்பட்ட சட்டம் என்பதைப் புகைப்படம் பற்றி எதுவும் தெரியாதவர்கூட உணர்ந்துவிடுவார். அடுத்த காரணம், வெள்ளையாக இருக்க வேண்டிய பொருள் ஓரத்தில் சாம்பல் நிறமாவது. சுவரோ வேட்டியோ வானமோ மூலைக்கு வரும்போது அழுக்கேறியதுபோல் மங்கினால் படம் பழுப்பேறிய தாளை நினைவூட்டும். மூன்றாவதாக, நீள்வட்டத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரிவது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வழிகளுக்கிடையிலான வேறுபாடு தெளிவாகும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். திண்ணையில் ஒரு பெரியவர் அமர்ந்திருக்கிறார். படம் கிடைமட்டமானது. அவருடைய முகம் இடப்பக்கம், மேலிருந்து மூன்றிலொரு பங்கு உயரத்தில் இருக்கிறது. தெருவிலிருந்து வரும் வெளிச்சம் இடப்பக்கமிருந்து முகத்தில் விழுகிறது; வலக் கன்னம் மெல்லிய நிழலில் இருக்கிறது. அவர் கட்டியிருக்கும் வெள்ளை வேட்டி படத்தின் கீழ்ப்பகுதியில் பரந்து கிடக்கிறது. படத்தின் சரிநடுவில் ஒரு மரத்தூண். வலக்கோடியில் வெயில் பட்ட சுண்ணாம்புச் சுவர், அதன் கீழே பளபளக்கும் ஒரு பித்தளைச் சொம்பு. பெரியவரின் தோல் மாநிறத்துக்கும் சற்றுக் கருப்பு. எனவே படத்திலேயே மிக வெளிச்சமான பொருள்கள் வேட்டி, சுவர், சொம்பின் மினுமினுப்பு ஆகிய மூன்றுதான். முகம் அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. நம் ஊரில் எடுக்கப்படும் போர்ட்ரெய்ட்டுகளில் இந்த நிலைமை மிகச் சாதாரணம் என்பதால்தான் இந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் வழி, பெரும்பாலோர் கை வைக்கும் Effects பகுதியிலுள்ள Post-Crop Vignetting. இதில் Amount ஸ்லைடரை எதிர்மறைப் பக்கம் இழுத்தால் ஓரங்கள் இருளும். Midpoint அந்த இருட்டு எவ்வளவு தூரம் உள்ளே வர வேண்டும் என்பதையும், Roundness அதன் வடிவத்தையும், Feather அதன் விளிம்பு எவ்வளவு மென்மையாகக் கரைய வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றன. இந்தக் கருவிக்கு ஒரே ஒரு மையம்தான் உண்டு: வெட்டிய பிறகு மிஞ்சும் சட்டத்தின் நடு. அதை நகர்த்த வழியில்லை. நம் திண்ணைப் படத்தில் Amount-ஐ -30-க்குக் கொண்டுபோனால் நடப்பதைக் கவனியுங்கள். பெரியவரின் இடப்பக்க முடியும் நெற்றியின் ஓரமும் இருளத் தொடங்குகின்றன. வெளிச்சம் வரும் பக்கம்தான் அது என்பதால் ஒளியின் திசையே குழம்புகிறது. படத்தில் இருட்டு சற்றும் தொடாத இடமாக மரத்தூண் மிஞ்சுகிறது. கண்ணை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கருவி தூணுக்குக் கொண்டுபோய்விடுகிறது.

முகம் சட்டத்தின் நடுவிலேயே இருந்தால், அதாவது நெருக்கமாக எடுத்த, தலையும் தோளும் மட்டும் உள்ள படமானால், இந்த வழி போதுமானது. அப்போதும் அளவு குறைவாகவே இருக்க வேண்டும். என் கணக்கில் -8 முதல் -15 வரைதான். அளவை முடிவு செய்யும்முன் வடிவத்தை முடிவு செய்வது நல்லது. அதற்கு Amount-ஐ -100-க்கும் Feather-ஐ 0-க்கும் கொண்டுபோனால் நீள்வட்டம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாகத் தெரியும். முகமும் கழுத்தும் அதற்குள் வசதியாக அடங்கும்படி Midpoint-ஐச் சரிசெய்த பிறகு, Feather-ஐ 80-க்கு மேலே ஏற்றி, Amount-ஐக் கடைசியாகக் குறைத்துக்கொண்டு வரலாம். வடிவத்தைப் பார்க்காமல் மெல்லிய அளவிலேயே எல்லாவற்றையும் ஊகிப்பதைவிட இது வேகமானது, நிச்சயமானது.

இதிலுள்ள Style தேர்வும் காலமுத்திரையோடு நேரடித் தொடர்புடையது. Paint Overlay ஓரங்களில் கருப்பை நேரடியாகக் கலக்கிறது. பளிச்சென்ற பொருள்கள்கூடச் சாம்பலாகிவிடும் என்பதால் இதைத் தொடாமலிருப்பதே நல்லது. Color Priority நிறங்கள் மாறாமல் பார்த்துக்கொள்கிறது, ஆனால் வெளிறிப்போன வெளிச்சத்தை மீட்டுத் தராது. Highlight Priority அந்த வெளிச்சத்தை ஓரளவு மீட்டுத் தரும். பதிலுக்கு இருண்ட பகுதியின் நிறம் கொஞ்சம் மாறலாம். பட்டுப்புடவை போன்ற அடர்நிறங்கள் ஓரத்தில் இருந்தால் Color Priority பாதுகாப்பானது. கூடவே இருக்கும் Highlights ஸ்லைடரை 30 அல்லது 40-க்கு ஏற்றினால் ஓரத்திலுள்ள வெள்ளைப் பொருள்கள் வெள்ளையாகவே நீடிக்கும். வேட்டிக்கு அது நல்லது. ஆனால் அதே ஸ்லைடர் சொம்பின் மினுமினுப்பையும் காப்பாற்றிவிடும். அதை அணைக்கத்தான் நாம் இந்த வேலையையே தொடங்கினோம்.

Lens Corrections பகுதியிலும் Vignetting என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அது லென்ஸின் இயல்பான மூலை இருட்டைத் திருத்துவதற்காக உள்ளது. வெட்டாத முழுப் படத்தின் நடுவையே மையமாகக் கொள்ளும். படத்தை ஒரு பக்கமாக வெட்டினால் இருட்டு ஒருபுறம் மட்டும் சாய்ந்து நிற்கும். ஆகவே முகத்துக்குக் கண்ணை அழைக்கும் வேலைக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 85 மி.மீ. லென்ஸை f/1.8-இல் திறந்து வைத்து எடுத்த படத்தில் ஏற்கெனவே கணிசமான மூலை இருட்டு இருக்கலாம். ப்ரொஃபைல் திருத்தத்தை இயக்கியவுடன் அது மறைந்துவிடும். விக்னெட் சேர்த்த பிறகு ப்ரொஃபைலை இயக்கினாலோ நிறுத்தினாலோ எல்லாக் கணக்கும் தப்பிவிடும் என்பதால், அந்த முடிவை முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது வழி, Masking-இலுள்ள Radial Gradient. இதற்கு மையத்தை நாம்தான் வைக்கிறோம். அந்த ஒரு வேறுபாடே முதல் வழியையும் இதையும் வெகுதூரம் பிரித்துவிடுகிறது. முகத்தின்மீது ஒரு நீள்வட்டம் வரைந்து, அதைத் தலைகீழாக்கி, வெளிப்புறத்தின் எக்ஸ்போஷரைக் குறைப்பதுதான் அடிப்படை. இதைச் செய்யும்போது பெரும்பாலோர் நீள்வட்டத்தை முகத்தின் அளவுக்கே வரைகிறார்கள். விளைவாக முகம் மட்டும் டார்ச் அடித்ததுபோல் ஒளிர்கிறது; கழுத்தும் கைகளும் வேறொரு ஆளுடையவை போல் இருண்டு கிடக்கின்றன. மாநிறத் தோலில் இது இன்னும் மோசமாகத் தெரியும், ஏனெனில் கழுத்து நிழல் ஏற்கெனவே அடர்த்தியானது. இன்னும் அரை ஸ்டாப் குறைந்தால் அதிலுள்ள விவரம் போய்விடும்.

திண்ணைப் படத்தில் நான் நீள்வட்டத்தின் மையத்தைக் கண்களுக்கும் மார்புக்கும் இடையில், தாடைக்குச் சற்றுக் கீழே வைப்பேன். மேலே தலைக்கு ஒரு தலை உயரம் இடம் விட்டு, கீழே மடியிலிருக்கும் கைகள்வரை நீட்டுவேன். பிறகு அதை இடப்பக்கம், வெளிச்சம் வரும் திசையை நோக்கிச் சாய்த்து, அந்தப் பக்க விளிம்பைச் சட்டத்துக்கு வெளியிலேயே கொண்டுபோய்விடுவேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் இருளக்கூடாது. வெளிச்சம் இயல்பாகவே தேய்கிற பக்கம் இன்னும் கொஞ்சம் தேயலாம். அப்படிச் செய்தால் நாம் சேர்த்த இருட்டு, ஏற்கெனவே படத்திலிருக்கும் ஒளியின் தொடர்ச்சியாகிவிடுகிறது. Feather 100. எக்ஸ்போஷர் -0.40 அளவில் தொடங்கி, பெரும்பாலும் -0.30-இல் வந்து நிற்பேன். இருட்டில் தூணின் மரவரிகள் அடைத்துப்போகாமலிருக்க Shadows-ஐ +10 அளவுக்கு உயர்த்துவதுண்டு. முகத்துக்குத் தனியாக ஒரு மாஸ்க் போட்டு +0.15 மட்டும் ஏற்றினால், சுற்றுப்புறத்தை இன்னும் இருட்டாக்கும் தேவை பாதியாகக் குறையும். கண்ணை இழுப்பது இரண்டுக்குமுள்ள வேறுபாடுதான் என்பதால், அந்த வேறுபாட்டை இரு பக்கமும் பகிர்ந்துகொண்டால் எந்தப் பக்கமும் கை வைத்தது தெரியாது.

இவ்வளவு செய்தும் சுண்ணாம்புச் சுவரும் சொம்பும் அடங்காது. -0.30 என்பது வெயில் பட்ட சுவருக்கு ஒன்றுமே இல்லை. இங்கேதான் பலர் விக்னெட்டின் அளவைக் கூட்டிக்கொண்டே போய்ப் படத்தைக் கெடுக்கிறார்கள். ஓரத்தில் பளிச்சென்று ஒரு பொருள் இருந்தால் அதற்கு மருந்து விக்னெட் அல்ல. அந்தப் பொருளுக்கே உரிய தனித் திருத்தம்தான். வலக்கோடியிலிருந்து உள்நோக்கி ஒரு Linear Gradient இழுத்து, அதை Luminance Range-உடன் Intersect செய்தால், அந்தப் பக்கத்தின் வெளிச்சமான பகுதிகள் மட்டும் மாஸ்கில் சிக்கும். அதில் Highlights-ஐ -40-க்கும் எக்ஸ்போஷரை -0.30-க்கும் இறக்கினால் சுவர் தணிகிறது. அதன் பக்கத்திலுள்ள நிழல்கள் அப்படியே இருக்கின்றன. சொம்பின் மினுமினுப்புக்கு ஒரு சிறிய பிரஷ் போதும். அந்த ஒளிப்புள்ளியை முற்றிலும் அணைத்துவிட வேண்டாம். பித்தளை பித்தளையாகத் தெரிவதே அதனால்தான். அதன் பரப்பு சற்றுச் சுருங்கி, வெளிச்சம் வேட்டியைவிடக் குறைந்தால் போதும். இந்த இரண்டையும் விக்னெட்டுக்கு முன்பே செய்துவிட்டால், எத்தனையோ படங்களில் விக்னெட்டே தேவைப்படாமல் போவதைக் காணலாம்.

ரேடியல் மாஸ்கிலிருந்து ஆளை முழுவதுமாகக் கழித்துவிடும் ஆசை பலருக்கு வரும். Select Subject-ஐ Subtract செய்தால் ஆள் முழுவதும் பழைய வெளிச்சத்திலும், சுற்றுப்புறம் மட்டும் இருளிலும் இருக்கும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. பார்ப்பதற்கோ, அட்டையில் வெட்டி ஒட்டிய உருவம்போல் ஆகிவிடுகிறது. தோளின் ஓரம் முழுக்க ஒரு மெல்லிய ஒளிக்கோடும் தெரியும். உண்மையில் எந்த வெளிச்சமும் ஒருவரின் உச்சந்தலை முதல் முழங்கால்வரை ஒரே அளவில் விழுந்து, அவருடைய நிழலுருவத்தின் எல்லையில் திடீரென நின்றுவிடுவதில்லை. பெரியவரின் முழங்காலும் வேட்டியின் கீழ்மடிப்பும் முகத்தைவிடச் சற்று மங்கட்டும். அதுதான் கண்ணை மேலே ஏற்றுகிறது.

மூன்றாவது வழி, ஃபோட்டோஷாப்பில் ஒரு Curves லேயர். இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. எக்ஸ்போஷரைக் குறைத்தால் எல்லா நிலைகளும் சேர்ந்து இறங்கும், வெள்ளையும் இறங்கும். வேட்டி சாம்பலாவது இதனால்தான். கர்வில் இரு முனைகளையும் அப்படியே விட்டுவிட்டு நடுப்புள்ளியை மட்டும் கீழே இழுத்தால், நடுநிலைகள் இருளும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். 128-இல் ஒரு புள்ளி வைத்து அதை 112 அளவுக்கு இறக்குவது நல்ல தொடக்கம். தூணும் பின்சுவரின் நிழலும் தணிகின்றன. வேட்டியின் மடிப்பிலுள்ள வெண்மை பெரிதும் குலையாமல் இருக்கிறது. பழைய படத்தின் சாயல் ஏற்படாமலிருக்க இந்த ஒரு வேறுபாடே பெருமளவு உதவுகிறது.

அந்த லேயரின் ப்ளெண்டிங்கை Luminosity-க்கு மாற்ற வேண்டும். Normal-இலேயே விட்டால் இருண்ட பகுதியின் நிறச்செறிவு கூடும். நிழலிலிருக்கும் கைகள் செம்மையேறிப்போகும், சிவப்புத் திண்ணை இன்னும் சிவக்கும். மாஸ்கில் நீள்வட்டத்தைக் கருப்பால் நிரப்பி, Properties-இலுள்ள Feather மூலம் அதைக் கரைக்கலாம். இதன் அளவு பிக்சலில் இருப்பதால் படத்தின் அளவைப் பொறுத்து மாற்ற வேண்டும். 6000 பிக்சல் அகலமுள்ள படத்துக்கு 600 முதல் 800 வரை தேவைப்படும்; சிறிய படத்துக்குப் பழகிய 100, 150 என்ற எண்களை இதில் போட்டால் நீள்வட்டத்தின் விளிம்பு அப்பட்டமாகத் தெரியும். பிறகு மிகக் குறைந்த Flow-இல், 5 அல்லது 10 சதவீதத்தில், பெரிய மென்மையான பிரஷை எடுத்து, வெளிச்சம் வரும் பாதையில் மாஸ்கைக் கருப்பால் தடவித் திறந்துவிடலாம். கையால் தடவிய மாஸ்க் ஒருபோதும் சரியான நீள்வட்டமாக இருப்பதில்லை. அந்த ஒழுங்கின்மைதான் அதன் பலம். கடைசியாக லேயரின் Opacity-ஐக் குறைப்பதன் மூலம் முழுவதையும் ஒரே இழுப்பில் மெலிதாக்கலாம். 2023 முதல் லைட்ரூம் கிளாசிக்கின் மாஸ்கிலும் கர்வ் கிடைக்கிறது. ஆகவே ரேடியல் மாஸ்கிலேயே எக்ஸ்போஷருக்குப் பதிலாகக் கர்வைப் பயன்படுத்தி, இந்த வழியின் முக்கியமான நன்மையை ஃபோட்டோஷாப்பைத் திறக்காமலேயே பெறலாம். தனிப் படங்களுக்கு நான் இப்போது பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

நான்காவது வழி எடுக்கும்போதே செய்வது. விளக்கு ஆளுக்கு அருகில் இருந்தால் பின்னணிக்குப் போகும் ஒளி விரைவாகக் குறையும். விளக்கிலிருந்து முகம் ஒரு மீட்டர் தொலைவிலும் சுவர் இரண்டு மீட்டர் தொலைவிலும் இருந்தால், சுவருக்குக் கிடைப்பது முகத்துக்குக் கிடைப்பதில் கால் பங்கு ஒளிதான். அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு. திண்ணையில் விளக்கு இல்லை. அங்கே பெரியவரை வாசலுக்கு இன்னும் ஓரடி நெருங்கி உட்காரச் சொல்வதும், சொம்பை நகர்த்தி வைப்பதும், வேட்டிமீது விழும் ஒளியை ஒரு கருப்புத் துணியால் மறைப்பதும் அதே வேலையைச் செய்கின்றன. இப்படிக் கிடைக்கும் இருட்டு ஒளியாலேயே உண்டானது என்பதால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எடுத்து முடித்த படத்துக்கு இது உதவாது. கல்யாண மேடையில் இதற்கெல்லாம் நேரமும் கிடைக்காது.

தேர்வு எங்கே கடினமாகிறது என்றால், ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான படங்களைத் திருத்தும்போதுதான். ரேடியல் மாஸ்கை ஒரு படத்திலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்தால் நீள்வட்டம் சட்டத்தில் அதே இடத்தில்தான் விழும்; முகம் அங்கே இருக்காது. Post-Crop Vignetting-க்கு அந்தத் தொல்லை இல்லை, எல்லாப் படத்திலும் ஒன்றுபோல் விழும். அதனால்தான் கல்யாண ஆல்பங்களில் அது இவ்வளவு பரவியது. ஆனால் ஆல்பத்தில் ஒரே பக்கத்தில் நான்கு படங்கள் அருகருகே வரும்போது, பதினாறு மூலைகளும் ஒன்றுபோல் கருத்திருப்பது எந்தத் தனிப் படத்திலும் தெரியாத அளவுக்கு வெளிப்படையாகத் தெரியும். ஆகவே மொத்தப் படங்களுக்கும் விக்னெட் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தொகுப்பாகச் செய்ய வேண்டுமானால், முகத்தைக் கண்டறிந்து உருவாகும் மாஸ்கை எல்லாப் படங்களுக்கும் நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அது புதுப்பிக்கப்படும்படி விட்டு, முகத்தை +0.15 மட்டும் ஏற்றினால் போதும். முழுப் பக்கத்துக்கு வரப்போகும் படங்கள் மட்டும் தனியாகக் கைவேலைக்குத் தகுதியானவை. அவற்றில் ரேடியல் மாஸ்கும் கர்வும் தம் உழைப்புக்கு ஈடான பலனைத் தரும்.

வெளிர் நிறப் பின்னணியில், அதாவது வெள்ளைச் சுவருக்கோ மேகமூட்டமான வானத்துக்கோ முன்னால் எடுத்த படத்தில், எந்த வழியையும் நான் பயன்படுத்துவதில்லை. அங்கே மெலிதான இருட்டுகூடக் கறைபோல் தெரியும். முகத்தின் கான்ட்ராஸ்டையும் கண்களின் தெளிவையும் சற்றுக் கூட்டுவதே அங்கே சரியான வழி.

முடித்த படத்தைச் சோதிக்கும் முறையும் வழியைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே முக்கியமானது. லைட்ரூமில் படத்தைச் சுற்றியுள்ள பின்னணி சாம்பல் நிறத்தில் இருக்கும். அதன்மேல் மூலை இருட்டு குறைவாகவே தெரியும். அந்தப் பின்னணியில் வலது கிளிக் செய்து வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், அச்சிட்ட பக்கத்திலும் வலைப்பக்கத்திலும் அது எவ்வளவு தெரியும் என்பது உடனே புரியும். படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பார்ப்பதும் நல்லது. அந்த அளவில் நீள்வட்டம் கண்ணில் பட்டால் விக்னெட் அதிகம். முகம் முதலில் கண்ணில் பட்டால் சரி. மாஸ்கை அணைத்து, சில விநாடி பார்த்துவிட்டு, மீண்டும் இயக்குங்கள். இயக்கும்போது படம் இருண்டதாகத் தோன்றினால் அளவு கூடிவிட்டது. அணைக்கும்போது கண் ஓரங்களுக்குச் சிதறுவதாகத் தோன்றினால் அளவு பொருந்தியிருக்கிறது. நீண்ட நேரம் ஒரே படத்தைப் பார்த்தால் கண் இருட்டுக்குப் பழகிவிடும் என்பதால், மறுநாள் காலையில் இந்தச் சோதனையைச் செய்வதே நம்பகமானது.

கடைசியாக, வெற்றுச் சுவர்களில் தோன்றும் படிக்கோடுகள். மிக மெதுவாகக் கரையும் இருட்டை 8 பிட் ஜேபெக்கில் சேமிக்கும்போது, சாய்வு படிப்படியாக உடைந்து வளையங்களாகத் தெரியலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது மேலும் அழுத்தப்பட்டு இன்னும் தெளிவாகும். திண்ணைப் படத்தில் தூணுக்குப் பின்னாலுள்ள நிழற்சுவர்தான் இதற்கு ஆளாகக்கூடிய இடம். ஃபோட்டோஷாப்பில் வேலை செய்தால் 16 பிட்டிலேயே இருந்து, ஏற்றுமதியின்போது மட்டும் 8 பிட்டுக்கு மாற வேண்டும். லைட்ரூமில் Grain-ஐ 8 அல்லது 10 அளவுக்குச் சேர்த்தால் அந்த மெல்லிய துகள் வளையங்களை உடைத்துவிடும். இயல்பான அளவில் பார்க்கும்போது துகள் இருப்பதே தெரியாது. படத்தை அனுப்பும் முன் ஏற்றுமதி செய்த ஜேபெக்கை உங்கள் கைபேசிக்கே ஒருமுறை அனுப்பி, திரையின் வெளிச்சத்தை முழுவதுமாக ஏற்றி, அந்தச் சுவரை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். வளையம் தெரிந்தால் Grain-ஐ இன்னும் இரண்டு புள்ளி கூட்டிவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யலாம்.